வட்ஸ்அப்பில் வந்த பத்திரப் படம்: இதை வாசிக்கலாமா, திரும்ப எடுக்கச் சொல்வதா?

திருகோணமலை நகரத்தில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு முதலில் தட்டச்சுச் செய்து வைப்பது என் பொறுப்பு. மூதூர், சம்பூர், வெருகல், குச்சவெளி என்று தூரத்திலிருந்து வருகிறவர்களை இரண்டு தரம் அலையவிடக்கூடாது என்பதற்காக, சான்றிதழின் படத்தை முதலில் வட்ஸ்அப்பில் வாங்கி வரைவைத் தயாரித்து வைப்போம். கையெழுத்து வைக்கும் நாளில் மூலத்தைக் கொண்டுவருவார்கள், ஒப்பிட்டுப் பார்த்து முடித்துக் கொடுப்போம். சில வேளை மூலம் கனடாவில் மகனிடம் இருக்கும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஆகவே படம் வந்தவுடன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இதை வைத்து வேலை செய்யலாமா, அல்லது திரும்ப எடுத்து அனுப்பச் சொல்வதா? தேவையில்லாமல் திரும்பக் கேட்டால் வயதானவர்களை அலைக்கழித்ததாகிவிடும். கேட்காமல் விட்டால் ஒரு திகதி பிழைக்கும். இந்த முடிவை எப்படி எடுக்கிறேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். பழைய, கையால் எழுதிய சான்றிதழை மனதில் வைத்தே எழுதுகிறேன். அச்சடித்த புதிய சான்றிதழில் இவ்வளவு பாடு இல்லை.

கேள்வியைச் சரியாகக் கேட்பது

"படம் தெளிவாக இருக்கிறதா?" என்று கேட்டால் விடை கிடைக்காது. 1950களில் மைபேனாவால் எழுதிய தாள் எவ்வளவு நல்ல கமராவில் எடுத்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். நான் கேட்கும் கேள்வி வேறு: இந்த எழுத்தை என்னால் வாசிக்க முடியாமல் இருப்பது தாளின் குறையாலா, படத்தின் குறையாலா?

மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தை வாசிக்க முடியாவிட்டால் "வாசிக்க முடியாதுள்ளது" என்று அடைப்புக்குள் எழுதிவிடலாம், அது ஏற்றுக்கொண்ட முறை. ஆனால் அந்தக் குறிப்பு தாளைப் பற்றியது. தாளில் நன்றாக இருக்கும் எழுத்தை, படம் மோசம் என்பதற்காக வாசிக்க முடியாதது என்று எழுதினால் நாம் பொய் எழுதியதாகிறது. "தாளே அப்படித்தான்" என்று நான் துணிந்து சொல்லக்கூடிய அளவுக்குத் தரம் உள்ள படம் போதுமான படம். அப்படிச் சொல்ல முடியாத படத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான்.

முதல் படி: உரையாடலுக்குள் வைத்துப் பார்க்காதீர்கள்

வட்ஸ்அப் உரையாடலில் தெரிவது பல நேரம் முழுப்படம் அல்ல. தரவிறக்க முன் காட்டுவது மங்கலாக்கிய ஒரு சிறு முன்தோற்றம். கணினித் திரையில் பார்த்தாலும் சாளரத்தின் அளவுக்குச் சுருக்கியே காட்டும். "படம் கலங்கியிருக்கு" என்று ஆளுக்குப் பதில் போட்டுவிட்டு, பிறகு தரவிறக்கிப் பார்த்தால் நன்றாக இருந்ததும் உண்டு. ஆகவே முதலில் சேமித்து, கணினியில் சாதாரணப் படம் பார்க்கும் நிரலில் 100 வீதத்தில் திறந்து பாருங்கள். 100 வீதம் என்றால் படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். அதற்கு மேல் பெரிதாக்கினால் திரை இடைவெளிகளைத் தானாக மழுப்பி நிரப்பும். அப்போது எழுத்து பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு கோடும் கிடைக்காது.

சேமிக்கும்போது கோப்பின் பெயரையும் பாருங்கள். அன்ட்ரொயிட் போனில் `IMG-20240312-WA0007.jpg` போல, நடுவில் `WA` என்று இருந்தால் அது வட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்த படம். அடுத்து கோப்பில் வலது சொடுக்கி Properties, Details என்று போய் Dimensions வரிசையைப் பாருங்கள். சாதாரணமாக அனுப்பிய படம் என்றால் எனக்கு வருவது பெரும்பாலும் 1600க்கு 1200 அல்லது அதற்குக் கிட்டத்தட்ட. போன் எடுத்தபோது அதே படம் 4000க்கு 3000 இருந்திருக்கும். அதாவது நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கிறது, பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

நீளப்பக்கம் 700, 800 என்று இருந்தால் அது திரைப்பிடிப்பாகவோ, பல கை மாறி வந்ததாகவோ இருக்கும். அதை ஆராய்ந்துகொண்டிருக்காமல் "இதை முதலில் எடுத்த போன் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பதே நல்லது.

இரண்டாம் படி: படிவத்தின் அச்செழுத்தைக் கண்ணாடிக் கடைப் பலகையாக்குங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்த வழி இதுதான். சான்றிதழ் படிவத்தில் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒன்று, அரசாங்கம் அச்சடித்த தலைப்புகள்: "பிறந்த திகதியும் இடமும்", "தந்தையின் முழுப் பெயர்" போன்றவை. அவற்றோடு மூலையில் சிறிய எழுத்தில் படிவத்தின் இலக்கமும் இருக்கும். மற்றது, பதிவாளர் கையால் நிரப்பியது.

அச்செழுத்து தாளில் கூர்மையாகத்தான் இருக்கும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அது கண் வைத்தியர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை போல. கையெழுத்துக்குப் போக முன், அதற்கு மிக அருகில் இருக்கும் மிகச் சிறிய அச்செழுத்தை 100 வீதத்தில் வாசித்துப் பாருங்கள்.

அச்செழுத்தைத் தங்குதடையின்றி வாசிக்க முடிகிறது, பக்கத்திலுள்ள கையெழுத்தை வாசிக்க முடியவில்லை என்றால் குறை தாளில் இருக்கிறது. மை மங்கியிருக்கும், மடிப்பில் தேய்ந்திருக்கும், அல்லது எழுதியவரின் கை அப்படி. அப்படியே திரும்ப எடுத்தால் அதே படம்தான் வரும்.

அச்செழுத்தே கலங்கியிருந்தால் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. படம் போதாது.

"அருகில் இருக்கும் அச்செழுத்து" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மேசையில் விரித்த தாளைச் சாய்வாக எடுத்தால் கீழ்ப்பாதி கூர்மையாகவும் மேற்பாதி கலங்கியும் இருக்கும். பழைய தாள் மடிப்பில் மேலெழும்பி நிற்கும் இடமும் குவியத்திலிருந்து விலகிவிடும். கீழே உள்ள தலைப்பை வாசித்துவிட்டு மேலே உள்ள பதிவு இலக்கத்துக்கும் அதையே தீர்ப்பாக எடுக்கக்கூடாது. நான் நான்கு இடத்தில் தனித்தனியாகப் பார்ப்பேன்: பதிவு இலக்கம், பிறந்த திகதி, பெயர்கள், பதிவாளரின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள அடிப்பகுதி.

மூன்றாம் படி: புள்ளியை அளந்து பாருங்கள்

கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் அளப்பதே வழி. விண்டோஸில் உள்ள Paint போதும். படத்தைத் திறந்து, Select கருவியால் ஒரு எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் கீழே அதன் அகலமும் உயரமும் பிக்சலில் தெரியும்.

அளக்க வேண்டியது எழுத்தின் முழு உயரம் மட்டும் அல்ல. தமிழில் ஒரு எழுத்தை இன்னொன்றாக மாற்றுவது மிகச் சிறிய அடையாளம். மெய்யெழுத்தின் புள்ளி, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று காட்டும் சுழி, ன-வுக்கும் ண-வுக்கும் இடையில் கூடிவரும் ஒரு வளைவு. பழைய கையெழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் பலர் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். படத்தில் புள்ளி இல்லையென்றால், எழுதியவர் வைக்கவில்லையா, படம் விழுங்கிவிட்டதா என்று தெரியாது. ஆங்கிலத்துக்குப் பெயரைக் கொண்டுபோகும்போது இது ஒரு உயிரெழுத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தோடு அது பொருந்தாமல் போனால் பிறகு சத்தியக்கடதாசி வேறு முடிக்க வேண்டிவரும்.

கணக்கை ஒரு தரம் செய்து வைத்துக்கொண்டால் போதும். பழைய நீளத்தாள் சான்றிதழ் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர், அதாவது 330 மில்லிமீற்றர். தாள் படத்தை முழுவதுமாக நிரப்பியிருந்தால் 1600ஐ 330ஆல் பிரிக்க, ஒரு மில்லிமீற்றருக்கு ஐந்து பிக்சலுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அரை மில்லிமீற்றர் புள்ளிக்கு இரண்டரைப் பிக்சல். சுத்தமான தாளில் அது தெரியும், ஆனால் விளிம்பில்தான் நிற்கிறது. தாளைச் சுற்றி மேசை விரிப்பும் தரையும் தெரிய எடுத்து, தாள் படத்தின் 60 வீதம் மட்டுமே இருந்தால் ஒரு மில்லிமீற்றருக்கு மூன்று பிக்சல்கூட இல்லை. புள்ளிக்கு ஒன்றரை. அதை எவராலும் கறையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

என் கையளவு இதுதான்: பொருளை மாற்றக்கூடிய மிகச் சிறிய அடையாளத்துக்கு, குறைந்தது மூன்று பிக்சல் வேண்டும். கையெழுத்து இலக்கங்கள் என்றால் உயரம் 20 பிக்சலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 10க்குக் கீழே இருந்தால் வாசிக்க முடிந்ததாகத் தோன்றினாலும் நம்புவதில்லை. இடைப்பட்டதை அடுத்த படியில் தீர்ப்பேன்.

ஏன் இரண்டு பிக்சல் போதாது என்பதற்குச் சுருக்கும் முறையே காரணம். JPEG படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள நுணுக்கமான ஏற்ற இறக்கங்களை முதலில் கழித்துவிடும். சுவரின் படத்தில் அது தெரியாது. எழுத்து என்பதோ முழுக்க நுணுக்கமான ஏற்ற இறக்கம்தான். அதனால் எழுத்தைச் சுற்றி, விளக்கில் ஈசல் மொய்த்ததுபோலச் சாம்பல் புள்ளிகள் தோன்றும். இரண்டு பிக்சல் புள்ளி அந்த ஈசல்களில் ஒன்றாகக் கலந்துவிடும். நிறத்தை இன்னும் கடுமையாகக் குறைக்கும்: வழக்கமான அமைப்பில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகத்தான் சேமிக்கப்படுகிறது. நீல மையின் மேல் குத்திய ஊதா றப்பர் முத்திரை, கண்ணுக்கு நிறத்தால்தான் பிரிந்து தெரிகிறது. இரண்டின் கருமையும் ஒரே அளவு என்பதால், சுருங்கிய படத்தில் முத்திரையும் எழுத்தும் ஒரே குழம்பாகிவிடும். மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் முத்திரையை மட்டும் வாசிக்க முடியாமல் போவது இதனால்தான். அந்த நிலையில் முத்திரைப் பகுதியை மட்டும் கிட்டவைத்து எடுக்கச் சொன்னால் போதும்.

நான்காம் படி: இரண்டு பேர் தனித்தனியே வாசிப்பது

இடைப்பட்ட படங்களுக்கு, நானும் அலுவலகத்தில் உள்ள தங்கச்சியும் தனித்தனியாக வாசித்து எழுதுவோம். இலக்கம், திகதி, பெயர்கள் மட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. ஆள் அனுப்பிய அடையாள அட்டையின் படத்தையும் அப்போது திறக்கக்கூடாது. இரண்டு பேரும் ஒன்றையே எழுதினால் வேலையைத் தொடங்குவேன். ஓரிடத்தில் வேறுபட்டாலும் அந்த இடத்தின் படத்தைத் திரும்பக் கேட்பேன். "இது எட்டுத்தானே அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே காட்டினால் பார்க்கிறவர் கண்ணுக்கும் எட்டாகவே தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு.

சம்பூரிலிருந்து வந்த ஒரு படம்

சம்பூரில் இருக்கும் ஓர் அக்கா, தன் அம்மாவின் பிறப்புச் சான்றிதழை அனுப்பியிருந்தார். 1958ஆம் ஆண்டு, மார்ச் மாதம். திகதி 13ஆ 18ஆ என்பதுதான் பிரச்சினை.

சேமித்துப் பார்த்தேன்: 1600க்கு 1200. தாளைச் சுற்றிப் பூப்போட்ட மேசை விரிப்பு. Paint-இல் அளந்தால் தாளின் நீளம் ஏறக்குறைய 960 பிக்சல். திகதியின் இலக்கங்கள் ஒன்பது பிக்சல் உயரம். 3ஐ 8இலிருந்து பிரிப்பது இடப்பக்கத்தில் உள்ள திறப்பு. தாளில் அது முக்கால் மில்லிமீற்றர் இருந்தால் இந்தப் படத்தில் இரண்டு பிக்சல். அந்த இரண்டு பிக்சலும் சாம்பலாக இருந்தன. பக்கத்திலிருந்த அச்சுத் தலைப்பை, அது என்ன தலைப்பு என்று தெரிந்திருந்ததால்தான் வாசிக்க முடிந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் பாதி எழுத்து இல்லை. பலகைச் சோதனையில் தோற்றுவிட்டது.

அக்கா, அம்மாவின் அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பியிருந்தார். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29. லீப் வருடம் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கில் 29தான். ஆக 60. மார்ச் 13 என்றால் 73, 500 கூட்ட 573. மார்ச் 18 என்றால் 578. அட்டையில் 58573 என்று தொடங்கியது. அப்படியானால் 13.

இங்கேதான் கை வழுக்கும். அட்டை 13 என்கிறது, படத்தில் 13 என்றும் வாசிக்கலாம், போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் நாங்கள் மொழிபெயர்ப்பது சான்றிதழை, அட்டையை அல்ல. அட்டைக்கும் சான்றிதழுக்கும் திகதி வேறுபடும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. இடம்பெயர்ந்த காலத்தில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, நினைவில் இருந்ததைச் சொல்லி அட்டை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் மறைத்துவிட்டால், பிறகு மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரி அதைக் கண்டுபிடிப்பார். அப்போது சந்தேகம் விழுவது அந்த அம்மாவின் மேல்.

அக்காவிடம் திகதிப் பகுதியை மட்டும் கிட்டவைத்து எடுக்கச் சொன்னேன். தாளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தெரிய எடுத்து, வழக்கம்போலவே அனுப்பினார். அதே 1600 பிக்சல் இப்போது 110 மில்லிமீற்றருக்கு மட்டும். இலக்கத்தின் உயரம் 40 பிக்சலைத் தாண்டியது. பேனா மேலிருந்து இறங்கி, சுழித்து, திரும்ப ஏறி மேற்சுழியை மூடியிருந்ததை மைக்கோட்டின் தடிப்பிலேயே பார்க்கலாம். அது 8. தங்கச்சியும் தனியாக 8 என்றே எழுதினாள்.

மொழிபெயர்ப்பில் 18 என்று போட்டோம். அட்டையில் 13 இருக்கிறது என்பதை அக்காவிடம் தனியாகச் சொன்னோம். "அம்மா எப்பவும் பதின்மூண்டு எண்டுதான் சொல்லுறவ" என்றார் அவர். விண்ணப்பம் கொடுக்க முன்பே தெரிந்ததால், இரண்டு திகதியும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியை முதலே முடித்துக்கொண்டார்.

திரும்ப எடுப்பதா, திரும்ப அனுப்பினால் போதுமா?

படம் போதாது என்று தெரிந்த பிறகு இன்னொரு முடிவு இருக்கிறது. பல நேரம் திரும்ப எடுக்கத் தேவையில்லை, ஏனென்றால் அவர்களுடைய போனில் இருக்கும் படம் நன்றாக இருக்கும். வழியில்தான் அது சுருங்கியது. இதைப் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எழுத்தைச் சுற்றி ஈசல் மொய்த்து, சிறு சதுரங்களாகத் தெரிந்து, ஆனால் கோடுகள் உள்ளே கூர்மையாகத் தொடங்கி முடிந்தால் அது சுருக்கத்தின் குறை. மூலப்படத்தையே திரும்ப அனுப்பச் சொன்னால் போதும். வட்ஸ்அப்பில் இணைக்கும் அடையாளத்தை அழுத்தி, படம் என்று தெரிவு செய்யாமல் Document என்று தெரிவு செய்து அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே வரும். அந்த வழி தெரியாதவர்களிடம், படம் அனுப்பும் திரையின் மேலே உள்ள HD என்பதை அழுத்தச் சொல்வேன். அது Document அளவுக்கு இல்லாவிட்டாலும் சாதாரணமாக அனுப்புவதைவிட நன்று. ஐபோனிலிருந்து Document ஆக அனுப்பினால் சில வேளை `.heic` என்ற கோப்பாக வரும், பழைய கணினி அதைத் திறக்காது. போனில் திறந்து பாருங்கள், படம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கேட்க வேண்டாம்.

கோடுகள் ஒரே திசையில் இழுபட்டு, நெடுங்கோடு தடித்தும் குறுக்குக்கோடு கூர்மையாகவும் இருந்தால் கை நடுங்கியிருக்கிறது. தாள் கலங்கி, பக்கத்தில் மேசை விரிப்போ பிடித்திருந்த பெருவிரலோ கூர்மையாக இருந்தால் போன் தவறான இடத்தில் குவிந்திருக்கிறது. லாமினேற் பண்ணிய தாளில் வெள்ளைத் திட்டு விழுந்திருந்தால் அங்கே எழுத்து என்ற தகவலே படத்தில் இல்லை. இந்த மூன்றுக்கும் மூலப்படத்தை அனுப்பியும் பயனில்லை, திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

போட்டோக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. தாள் பளிச்சென்ற வெள்ளை, எழுத்து முழுக் கறுப்பு, முத்திரையும் கறுப்பு என்றால் அதுதான். மெல்லிய மைக்கோடுகளைக் கொப்பி இயந்திரம் ஏற்கெனவே தின்றிருக்கும். மூலத்தை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மங்கிய படத்தை அதில் போட்டால் எழுத்து கூராகி வரும், பார்க்க ஆசையாக இருக்கும். இல்லாத பிக்சலை அது ஊகித்து வரைகிறது. ஒன்பது பிக்சல் இலக்கத்தை அழகான 3 ஆகவோ 8 ஆகவோ வரைந்து தரும். எது என்பதற்கு ஆதாரம் எதுவும் இருக்காது. 2013இல் ஜெர்மனியில் ஒரு கணினி ஆய்வாளர், ஸ்கேன் செய்யும் இயந்திரமே கட்டட வரைபடத்தின் இலக்கங்களை மாற்றிவிட்டதைக் கண்டுபிடித்தார். இன்னொரு தாளில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதிச் சுருக்கியதுதான் காரணம். இலக்கம் கலங்கியிருக்கவில்லை, மிகத் தெளிவாகப் பிழையாக இருந்தது. கலங்கிய இலக்கம் நம்மைச் சந்தேகப்படவாவது வைக்கும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

எப்படித் திரும்பக் கேட்பது

"கிளியர் இல்லை, திரும்ப அனுப்புங்கோ" என்று மட்டும் சொன்னால் அதே படம் திரும்ப வரும். அல்லது ஃபிளாஷ் போட்டு இன்னும் மோசமாக வரும். எழுதி அனுப்புவதைவிடக் குரல் செய்தியில் சொல்வது நல்லது, வயதானவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுச் செய்வார்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி:

"அக்கா, பேப்பரை விறாந்தையில தரையில விரியுங்கோ. வெயில் நேர விழக்கூடாது, வெளிச்சம் மட்டும் வந்தால் போதும். காற்றுக்குப் பறக்காமல் வெறும் ஓரத்தில பாரம் வையுங்கோ, எழுத்துக்கு மேல வேண்டாம். ஃபிளாஷ் போடாதேங்கோ. போனை நேர மேல பிடிச்சு, முதல் முழுப் பேப்பரும் தெரிய ஒண்டு எடுங்கோ, மேசை தெரியத் தேவையில்லை. பிறகு கிட்டப் போய் மேல் பங்கு ஒண்டு, நடுப்பங்கு ஒண்டு, கீழ்ப்பங்கு ஒண்டு. எடுக்க முதல் எழுத்துக்கு மேல திரையில ஒருக்கா விரலால தட்டுங்கோ. நாலையும் அனுப்புங்கோ."

Document ஆக அனுப்பத் தெரியாதவர்களுக்கும் டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கும் இந்த மூன்று கிட்டப் படங்களே சரியான வழி. சாதாரணமாக அனுப்பினாலும் தாளின் ஒவ்வொரு பங்குக்கும் தனியாக 1600 பிக்சல் கிடைக்கிறது. முழுத்தாள் படமும் வேண்டும். பங்குகள் ஒரே தாளினுடையவைதான் என்று அது காட்டும், வரிசையும் பிழைக்காது. பங்குகள் ஒன்றோடொன்று சற்று மேற்படிய எடுத்தால் ஒரு வரியும் தப்பாது.

மை மங்கிய தாள் என்றால், ஜன்னல் ஓரத்தில் ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழ இன்னொரு படம் எடுக்கச் சொல்வேன். பேனாமுனை அழுத்திய பள்ளம் சாய்வு வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். போல்பொயின்ற் பேனாவால் எழுதியதற்கு இது நன்றாக வேலை செய்யும், மைபேனாவுக்கு அவ்வளவாக இல்லை. லாமினேற் தாளையும் இப்படித்தான், ஜன்னலின் பிரதிபலிப்பு விழாத பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டு தரம் திரும்பக் கேட்டும் சரிவரவில்லை என்றால் மூன்றாம் தரம் கேட்பதில்லை. கையெழுத்து நாளில் மூலத்தைக் கொண்டு வரும்போது அந்த இடத்தை நேரில் பார்த்து நிரப்பலாம் என்று வெற்றிடம் விட்டு வைப்பேன். மூலம் வெளிநாட்டில் இருந்தால் அங்கேயே ஸ்கேன் பண்ணி, 300 dpi இல் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வேன்.

மூலமே தொலைந்து, போனில் கிடந்த கலங்கிய படம் ஒன்றுதான் மிஞ்சியது என்று வருகிறவர்களும் உண்டு. அந்தப் படத்தை வைத்து நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்வேன். பிறப்பு பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கும்போது பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடும் வேலை பாதியாகிறது. இலக்கம் 2743ஆ 2748ஆ என்று சந்தேகமாக இருந்தால் ஒன்றை ஊகித்து எழுதாமல் இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்வேன். பதிவேட்டில் இரண்டு இடத்தையும் புரட்டிப் பார்க்க எழுதுவினைஞருக்குச் சில நிமிடம்தான் ஆகும்.